ஒரு மெயிலுக்கு ஒரு பிரிண்ட்: கடை இன்பாக்ஸைச் சரிசெய்த கதை

நேற்று இரவு கடை பூட்டிய பிறகு கணினியின் பவர் வயரை மூன்று தரம் பிடுங்கினேன். மூன்று தரமும் திரும்ப ஓன் செய்து பார்த்தேன். ஒரு மெயிலும் தொலையவில்லை, ஒன்றும் இரண்டு தரம் பிரிண்ட் ஆகவில்லை. ஏழு மாதமாக இழுபட்ட வேலை இது. வந்த வழி மறக்க முன்னம் எழுதி வைக்கிறேன்.

அக்கா திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறா. கம்பஸ் பிள்ளைகள் அசைன்மென்ட், ஆய்வறிக்கை எல்லாவற்றையும் கடை மெயிலுக்கு பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு, பஸ்ஸால் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். முன்பு அக்கா ஒவ்வொரு மெயிலாகத் திறந்து, இறக்கி, பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தா. நான் பின்னேர வேலையாக, பழைய டெஸ்க்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வாசிக்காத மெயிலை எடுத்துத் தானே பிரிண்டருக்கு அனுப்பும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குரோன் அதை ஓட்டும். மெயில் சர்வரோடு அது பேசுவது ஐமேப் என்ற நெறிமுறையில். முதல் பதிப்பின் உயிர் இந்த மூன்று வரி, `m` என்பது சர்வரோடான தொடர்பு:

```python
typ, data = m.search(None, 'UNSEEN')
for n in data[0].split():
    typ, d = m.fetch(n, '(RFC822)')
```

இணையத்தில் காணும் உதாரணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் மழைக்காலம் தொடங்கிக் கரண்ட் போய்வரத் தொடங்கியதும், "அனுப்பினேன் அக்கா, இன்னும் பிரிண்ட் வரேல்லையா?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

காரணம் இரண்டு. `RFC822` என்று கேட்டு ஒரு மெயிலை எடுத்தால், எடுத்த அந்தக் கணத்திலேயே சர்வர் அதற்கு `\Seen` கொடியைப் போட்டுவிடும். `BODY[]` என்று கேட்டாலும் அதேதான். நான் பிரிண்ட் செய்து முடித்தேனா என்பது சர்வருக்குத் தெரியாது. மெயில் என் கைக்கு வந்து பிரிண்டருக்குப் போவதற்கு இடையில் கரண்ட் போனால், திரும்ப ஓன் ஆனதும் ஸ்கிரிப்ட் வாசிக்காத மெயிலைத்தான் தேடும், இதுவோ வாசித்ததாகிவிட்டது. பிறகு அதை ஒருவரும் தொடமாட்டார்கள். இரண்டாவது காரணம் அக்காவின் போன். அதே மெயில்பெட்டி அவவின் போனிலும் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒரு மெயிலைத் தட்டிப் பார்த்தால் போதும், அது வாசித்ததாகிவிடும், ஸ்கிரிப்ட்டின் கண்ணில் படாது.

முதல் காரணத்தை மட்டும் அப்போது கண்டுபிடித்தேன். `BODY.PEEK[]` என்று கேட்டால் கொடி மாறாது, எட்டிப் பார்த்த மாதிரி. ஆகவே எட்டிப் பார்த்து எடுத்து, பிரிண்ட் முடிந்த பிறகு நானே `\Seen` போடுவது என்று மாற்றினேன். தாள் வெளியே வந்த பிறகுதான் கொடி போடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதனால் 20 விநாடிக்கு ஒருமுறை `lpstat -o` பார்த்து பிரிண்டரின் வரிசை காலியாகும்வரை காத்திருந்தேன். அதுவரை சர்வர் தொடர்பை வெட்டிவிடக்கூடாது என்று, ஒன்றும் செய்யச் சொல்லாத `NOOP` கட்டளையை இடையிடையே அனுப்பினேன். நல்ல பிள்ளையாக எழுதிய இந்த `NOOP` தான் அடுத்த பிரச்சினையைக் கொண்டுவந்தது.

ஒரு புதன்கிழமை அக்கா போன் எடுத்தா. "தம்பி, அந்தப் பிள்ளையின்ர ரிப்போர்ட் ரெண்டு தரம் வந்திருக்கு. மற்றப் பிள்ளையின்ரது வரவே இல்லை எண்டு நிக்குது." ரிப்போர்ட் 112 பக்கம். பக்கத்துக்கு 15 ரூபாய் கணக்கில் 1,680 ரூபாய்க்கான தாளும் மையும் வீண். அதைவிட, வராத மெயிலின் சொந்தக்காரி அன்று பின்னேரம் நான்கு மணிக்குள் அறிக்கையை ஒப்படைக்க வேண்டியவள். அக்கா அவளுடைய போனிலிருந்து திரும்ப அனுப்பச் சொல்லி எடுத்துக் கொடுத்தா.

ஒரே நேரத்தில் ஒன்று இரட்டித்து, இன்னொன்று தொலைந்தது எப்படி? லொக்கில் அந்த நேரத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: சர்வர் `BAD` சொல்லி, `Invalid messageset` என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

`m.search` திருப்பித் தருவது வரிசை எண்கள். இன்பாக்ஸில் முதலாவது, இரண்டாவது என்று இருக்கும் இடத்தின் எண், மெயிலின் அடையாளம் அல்ல. அன்று வாசிக்காதவை 12, 13, 14. பன்னிரண்டாவது சுகமாக முடிந்தது. பதின்மூன்றாவதுதான் அந்த 112 பக்கம். அது அச்சாகிக்கொண்டிருக்கும்போது அக்கா போனில் மூன்றாவது இடத்தில் கிடந்த விளம்பர மெயிலை அழித்திருக்கிறா. சர்வர் இந்தச் செய்தியை நினைத்த நேரத்தில் சொல்லாது. `FETCH`, `STORE`, `SEARCH` கட்டளைகளுக்குப் பதில் சொல்லும்போது வரிசையை மாற்றக்கூடாது என்பது ஐமேப்பின் விதி. ஆனால் `NOOP` வந்தால் தாராளமாகச் சொல்லலாம். என் `NOOP` போனது, "3 EXPUNGE", அதாவது மூன்றாவது நீக்கப்பட்டது என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு இருந்த எல்லாம் ஓரிடம் கீழே இறங்கியது. இப்போது ரிப்போர்ட் இருப்பது 12இல், அடுத்த பிள்ளையின் மெயில் 13இல். பிரிண்ட் முடிந்ததும் ஸ்கிரிப்ட் 13க்கு `\Seen` போட்டது. அதாவது, அச்சாகாத மெயிலுக்கு வாசித்த கொடி விழுந்தது, அச்சான ரிப்போர்ட் வாசிக்காததாகவே நின்றது. அடுத்து 14ஐக் கேட்டது. அப்படி ஒரு இடமே இல்லை, ஆகவே `BAD`. இரண்டு நிமிடம் கழித்துக் குரோன் திரும்ப ஓட, வாசிக்காமல் கிடந்த ரிப்போர்ட் இன்னொரு முறை அச்சானது.

இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. வரிசை எண்ணை அன்றோடு கைவிட்டேன். ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடி என்று இன்னொரு எண் உண்டு. ஒரு மெயில் அழிந்தாலும் மற்றவற்றின் யூஐடி மாறாது, ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு மெயிலுக்குக் கொடுக்கவும் மாட்டாது. பைத்தானில் `m.uid(...)` வழியாகக் கேட்டால் எல்லாம் யூஐடியிலேயே நடக்கும். கவனிக்க வேண்டிய ஒன்று: இல்லாத யூஐடியைக் கேட்டால் சர்வர் பிழை சொல்லாது. `OK` என்று சொல்லி வெறுங்கையை நீட்டும், பைத்தானில் `[None]` என்று வரும். யாரோ அழித்துவிட்ட மெயிலுக்குக் கொடி போடச் சொன்னாலும் அதே `OK` தான். ஆகவே `OK` வந்ததை மட்டும் நம்பாமல், பதிலுக்குள் அந்தக் கொடி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது அக்காவின் போன் பிரச்சினை. `\Seen` என்பது மனிதன் வாசித்ததற்கான கொடி. அதை நான் வேலை முடிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டது என் பிழை. அக்காவைப் போனில் மெயில் பார்க்காதே என்று சொல்ல முடியாது, அது அவவின் கடை. முடித்த மெயில்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தலாமா என்று யோசித்தேன். அது நல்ல முறைதான், ஆனால் "இந்தப் பிள்ளை அனுப்பினதோ?" என்று அக்கா பார்ப்பது இன்பாக்ஸில்தான், அங்கிருந்து மெயில் காணாமல் போனால் குழப்பம். கடைசியில் சொந்தக் கொடி ஒன்று வைத்தேன். ஐமேப்பில் `\` இல்லாமல் நாமே பெயர் வைக்கும் கொடிகள் உண்டு, போன் அவற்றைத் தொடாது. எல்லா சர்வரும் அனுமதிக்காது. `SELECT` செய்ததும் வரும் பதிலில் இப்படி ஒரு வரி இருக்கவேண்டும்:

```
* OK [PERMANENTFLAGS (\Answered \Flagged \Deleted \Seen \Draft \*)]
```

கடைசியில் இருக்கும் அந்த `\*` தான் முக்கியம். புதுக் கொடி வைக்கலாம், அது நிலைத்து நிற்கும் என்று பொருள். எங்கள் சர்வரில் இருந்தது. ஆகவே தேடல் இப்படி மாறியது:

```python
typ, data = m.uid('SEARCH', 'UNKEYWORD', 'Printed')
```

வாசித்ததோ இல்லையோ, `Printed` கொடி இல்லாத எதையும் எடு. இதை ஓடவிட முன்னம், நல்ல காலம், எத்தனை வருகிறது என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன்: 1,407. இரண்டு வருடமாகச் சேர்ந்த மெயில் எல்லாமும் கொடி இல்லாதவைதானே! அப்படியே விட்டிருந்தால் கடையிலிருந்த தாள் கட்டு முழுவதும் போயிருக்கும். பழையதில் செய்யாத வேலை ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் உறுதி செய்துகொண்டு, குரோனை நிறுத்திவிட்டு, அன்றைய மெயில்வரை எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் கொடி போட்டேன். இந்த முறைக்கு மாறுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக்கூடாது.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு இடைவெளி இருந்தது. பிரிண்ட் கொடுத்தாயிற்று, கொடி போட முன்னம் இணையம் விழுந்தால்? திரும்ப வந்து பார்க்கும்போது கொடி இல்லை, ஆகவே திரும்பப் பிரிண்ட். வரிசையை மாற்றிக் கொடியை முதலில் போட்டால், இரட்டிப்பு போய்த் தொலைதல் வந்துவிடும். சர்வரில் இருக்கும் ஒரு கொடியை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. எப்படி அடுக்கினாலும் ஒரு பக்கம் ஓட்டை இருந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் மேசையில் கிடந்த கடன் கொப்பிதான் வழி காட்டியது. யாராவது தாளை எடுத்துக்கொண்டு காசு பிறகு தருகிறேன் என்றால், அவ முதலில் கொப்பியில் எழுதுவா, பிறகுதான் தாளைக் கொடுப்பா. என் கணினிக்கும் ஒரு கொப்பி வேண்டும். அது என் டிஸ்க்கில் இருப்பதால் இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதலாம். எஸ்கியூலைட்டில் ஒரு அட்டவணை:

```sql
CREATE TABLE mail (
  uidvalidity INTEGER,
  uid INTEGER,
  raw BLOB,
  state TEXT,
  PRIMARY KEY (uidvalidity, uid)
);
```

மெயில் வந்ததும் அதன் முழு உடலையும் `raw` இல் வைத்து, `got` என்று எழுதி கமிட் செய்கிறேன். இதிலிருந்து அந்த மெயில் என் பொறுப்பு. அக்கா போனில் அழித்தாலும் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. `INSERT OR IGNORE` என்று எழுதுவதால், அதே மெயில் பத்து தரம் தேடலில் வந்தாலும் கொப்பியில் ஒரே ஒரு வரிதான். பிரிண்ட் கொடுக்க முன்னம் `printing` என்று மாற்றிக் கமிட். பிரிண்டருக்கு அனுப்பும் `lp` கட்டளை வெற்றியாகத் திரும்பியதும் `done` என்று கமிட். கடைசியாகத்தான் சர்வரில் `Printed` கொடி, அது விழுந்ததைப் பார்த்த பிறகு `marked`.

இப்போது எங்கே அறுந்தாலும் கொப்பியைப் பார்த்தே அடுத்தது என்ன என்று தெரியும். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஸ்கிரிப்ட் முதலில் கொப்பியைத் திறக்கிறது. `done` என்று நிற்பதற்கு பிரிண்டரைத் தொடாமல் கொடியை மட்டும் போடுகிறது. `got` என்று நிற்பதைப் பிரிண்ட் கொடுக்கிறது. இரட்டிப்பைத் தடுப்பது இப்போது சர்வரின் கொடி அல்ல, கொப்பிதான். கொடி, தேடலில் பழையவை வராமல் இருப்பதற்கு மட்டும்.

`printing` என்று நிற்பதுதான் நேர்மையாகச் சொல்லவேண்டிய இடம். `lp` போக முன்னம் கரண்ட் போயிருக்கலாம், போன பிறகும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஸ்கிரிப்ட்டுக்கும் வழியில்லை. பிரிண்டருக்குக் கொடுப்பதையும் கொப்பியில் எழுதுவதையும் ஒரே செயலாகக் கட்ட முடியாது. ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளி, ஆனால் இருக்கிறது. இந்த நிலையில் ஊகிக்காமல் நிற்பது என்று முடிவு செய்தேன். ஸ்கிரிப்ட் அந்த வரியைத் தொடாது, கடைத் திரையில் சிவப்பில் காட்டும், அக்கா பார்த்து முடிவெடுப்பா. அவவுக்கு உதவியாக, பிரிண்ட் வேலைக்குப் பெயராக யூஐடியைக் கொடுக்கிறேன்:

```
lp -t "mail-4821" /tmp/4821.pdf
```

லினக்ஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ், முடிந்த வேலைகளின் பட்டியலையும் வைத்திருக்கும். உலாவியில் `localhost:631` திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தாள் வெளியே வரும்வரை காத்திருப்பதையும் இத்துடன் விட்டுவிட்டேன். `lp` திரும்பி வந்துவிட்டால், வேலை கப்ஸின் பொறுப்பு, கரண்ட் வந்ததும் பெரும்பாலும் அது தானே தொடரும். பாதி ரிப்போர்ட்டில் கரண்ட் போனால் முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும் என்பது உண்மை. அந்த வீணை மெயில் பக்கத்தில் நின்று தடுக்க முடியாது, யூபிஎஸ் வாங்கினால்தான் உண்டு. ஆனால் காத்திருப்பும் `NOOP` உம் போனதால் ஸ்கிரிப்ட் சில விநாடியில் முடிந்துவிடுகிறது. ஒன்று முடிய முன்னம் குரோன் இன்னொன்றைத் தொடங்கிவிடாதபடி `flock -n` உம் சேர்த்திருக்கிறேன்.

அட்டவணையில் `uidvalidity` ஏன் என்று கேட்கலாம். யூஐடி மாறாது என்று மேலே சொன்னேன், அது இந்த எண் மாறாதவரைக்கும்தான். மெயில்பெட்டியை வேறு சர்வருக்கு மாற்றினால், அல்லது ஃபோல்டரை அழித்துத் திரும்ப உருவாக்கினால், சர்வர் புது `UIDVALIDITY` தரும். உன் பழைய யூஐடி எல்லாம் செல்லாது என்பதுதான் அதன் அர்த்தம். அப்போது புது 4821 வேறு யாருடையதோ. யூஐடியை மட்டும் சாவியாக வைத்திருந்தால் அந்தப் புது மெயில் "ஏற்கனவே முடிந்தது" என்று ஒதுக்கப்பட்டுவிடும். இரண்டையும் சேர்த்துச் சாவியாக வைத்தால் அது நடக்காது, ஆனால் பழைய மெயில் எல்லாம் புதிதாகத் தெரியும். கொடிகளும் கூட வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கொப்பியில் இருக்கும் எண்ணும் சர்வர் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்யாமல் நிற்கும். நான் வந்து, பழையவற்றுக்குத் திரும்பக் கொடி போட்டுத்தான் ஓடவிடவேண்டும்.

நேற்றைய சோதனைக்கு வருகிறேன். ஒவ்வொரு கமிட்டுக்கும் பிறகு `time.sleep(30)` போட்டு, அந்த முப்பது விநாடிக்குள் வயரைப் பிடுங்கினேன். மூன்று ஒற்றைப் பக்க மெயில்களை என் போனிலிருந்தே அனுப்பினேன். முதல் மெயிலில், `got` க்குப் பிறகு பிடுங்கினேன்: ஓன் ஆனதும் ஒரு தாள் வந்தது. இரண்டாவதில், `done` க்குப் பிறகு, கொடி போட முன்னம்: தாள் ஏற்கனவே தட்டில் கிடந்தது, திரும்ப வரவில்லை, சர்வரில் கொடி மட்டும் விழுந்தது. மூன்றாவதில், `printing` க்குப் பிறகு: திரையில் சிவப்பு வரி. 631இல் அந்தப் பெயர் இல்லை. கையால் `got` என்று மாற்றினேன், தாள் வந்தது. வெறும் நெட்வேர்க் வயரையும் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தேன். பைத்தான் 3.9இலிருந்து `IMAP4_SSL` க்கு `timeout` கொடுக்கலாம், 30 கொடுத்திருந்தேன். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் செத்த தொடர்பைப் பிடித்துக்கொண்டு `flock` பூட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இன்னொரு தரம் தொடங்கினால் முதல் நாளே லொக்கை முழுதாக வைப்பேன். லொகின் முடிந்த பிறகு `m.debug = 4` என்று ஒரு வரி போட்டால் போதும், சர்வரோடு பேசிய ஒவ்வொரு வரியும் கிடைக்கும். லொகினுக்கு முன்னம் போட்டால் கடவுச்சொல்லும் லொக்கில் விழுந்துவிடும். இது இருந்திருந்தால் அந்த "3 EXPUNGE" ஐ ஊகித்துக் கண்டுபிடிக்காமல் அன்றே கண்ணால் கண்டிருப்பேன்.

இன்று காலை அக்காவுக்குச் சிவப்பு வரியைக் காட்டி, 631ஐ எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவ கடன் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்தா: "சிவப்பு வந்தால் முதலில் தட்டைப் பார். தாள் இருந்தால் டன். இல்லாட்டி 631."

தட்டைப் பார்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை.